யார் வீட்டு முறை

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் முன்பதிவு திறந்த உடனே உட்கார்ந்து சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வண்டி. சற்றுத் தாமதித்திருந்தால் காத்திருப்புப் பட்டியல்தான். கோகிலாவிடம் சொன்னேன். அவள் மகள் தாரிணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷமும் வீரவநல்லூருங்களா?" என்றாள்.

"முறைப்படி இந்த வருஷம் எங்க வீடுதானே."

"அப்ப போன வருஷம்?"

போன வருஷம் அவள் வீட்டு முறைதான். மறுக்கவில்லை. அந்த வருஷம் மாசி மாதம் மாமா, கோகிலாவின் அப்பா, இறந்துபோனார். வருஷம் திரும்பும்வரை அவர்களுடைய கவுந்தப்பாடி வீட்டில் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, புதுத்துணி கூடாது. அத்தையே சொன்னார்கள், "புள்ளைய எதுக்குங்க இந்த வீட்டுல கொண்டுவந்து உக்கார வெக்கோணும், உங்க ஊருக்கே கூட்டிட்டுப் போங்க" என்று. அதனால் போனோம். அவர்கள் விட்டுக்கொடுத்த முறையை இந்த வருஷம் திருப்பிக் கேட்டால் முறை என்று ஒன்று எதற்கு?

துணைமின் நிலையத்தில் டூட்டி போடுகிறவன் நான். தீபாவளியன்று விடுப்பு கிடைத்தவனுக்குப் பொங்கலன்று டூட்டி. மறு வருஷம் மாறும். ஒருவன் தன் விடுப்பு நாளில் காய்ச்சலில் கிடந்தான் என்பதற்காக அடுத்தவன் விடுப்பைப் பிடுங்க முடியாது. கல்யாணமான முதல் வருஷமே இதையேதான் வீட்டுக்கும் வைத்தேன். ஒரு வருஷம் தீபாவளி இங்கே, பொங்கல் அங்கே. மறு வருஷம் தலைகீழ். கோடை விடுமுறையில் முதல் பாதி ஒரு வீடு, பின்பாதி மற்ற வீடு. இரண்டு ஊர், இரண்டு வழக்கம், இரண்டு பக்கமும் விருப்பமில்லாமல் நடந்த கல்யாணம். பன்னிரண்டு வருஷமாக ஒரு சண்டை வந்ததில்லை.

"போன பொங்கலும் உங்க வீடு, அதுக்கு முந்தின தீபாவளியும் உங்க வீடு, இப்பவும் உங்க வீடு" என்றாள் கோகிலா. அந்தப் பொங்கல் முறைப்படி எங்களுடையது. அதை எப்படிச் சேர்த்துக் கணக்கிடுகிறாள் என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கோகிலாவுக்குத் தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக, மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முதலில் மதுரையில் இருக்கும் தங்கை பகவதியிடம்.

"என்னண்ணே இப்படிக் கேக்க?" என்றாள். "நீ வார வருஷம் பாத்துத்தானே நானும் என் முறைய வச்சிருக்கேன். இந்தத் தீபாவளிக்கு எங்க அத்தைகிட்டச் சொல்லி வாங்கியாச்சு. நான் அம்மா வீட்டுக்கு வார வருஷம் என் ஓரகத்தி அத்தையோட இருக்கதா ஏற்பாடு. அவ அதுக்காக அவ அம்மா வீட்ட தள்ளி வச்சிருக்கா. இப்ப நான் மாத்துனா அவளும் மாத்தணும், அவ அண்ணன் பொண்டாட்டியும் மாத்தணும். ஒரு செங்கலை உருவுனா எத்தனை சுவரு விழும் தெரியுமா?"

உண்மைதான். நான் மட்டும் கவுந்தப்பாடி போய்விட்டு அவள் வீரவநல்லூர் வந்தால் அண்ணன் தங்கை பார்த்துக்கொள்வதே இல்லை. இந்த ஒரு முறை தப்பினால் அதன்பின் ஒவ்வொரு வருஷமும் தப்பும்.

பிறகு அம்மா. "உங்க இஷ்டம்யா. நாங்க என்னத்தச் சொல்லப்போறோம்? அப்பாவுக்கு இந்த வருஷம் முட்டு வலி ரொம்ப மோசம். உனக்குப் பிடிக்கும்னு மனோகரம் செய்யப் பருப்பும் வெல்லமும் வாங்கிப் போட்டேன். அது கெடந்தா கெடந்துட்டுப் போவுது."

மாற்ற முடியாது என்று கோகிலாவிடம் சொன்னேன். காரணங்களை வரிசையாக விளக்கினேன். "சரிங்க" என்றாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வேறு வழி கண்டுபிடித்தேன். காலாண்டு விடுமுறை முழுவதையும் கவுந்தப்பாடிக்குக் கொடுப்பது. ஆயுத பூஜையும் சேர்ந்து வருகிறது. பண்டிகைக்குப் பண்டிகை ஆயிற்று. ஈரோட்டுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தராசு நேராகிவிட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய், கவுந்தப்பாடி

அத்தை பேருந்து நிறுத்தத்துக்கே வந்து நின்றார்கள். "வாங்க மாப்ளை. வா கண்ணு, எளைச்சுப் போயிட்டயே" என்று தாரிணியை இடுப்பில் தூக்கப் பார்த்தார்கள். பத்து வயதுப் பெண்ணை எங்கே தூக்குவது?

வீடு மாமா இருந்தபோது போலவேதான் இருக்கிறது. அவர் செருப்பு மட்டும் வாசலில் இல்லை. கூடத்துக் கடிகாரம் இன்னும் மணிக்கொரு தரம் ஊருக்கே கேட்கும்படி அடிக்கிறது. மாமா கோவைக்குப் போய் வாங்கி வந்தது. ஒவ்வொரு அடிக்கும் தாரிணி சிரிக்கிறாள்.

ஆச்சரியம், எண்ணெய்ச் சட்டி வைத்து முறுக்கு, அதிரசம், ஓட்டுப் பக்கோடா என்று செய்திருக்கிறார்கள். "ஆயுத பூஜைக்கு இத்தனையா அத்தை?" என்றேன்.

"தீபாவளிக்கு நீங்க இங்க இருக்க மாட்டீங்கள்ல. வருஷம் திரும்பி மொதப் பண்டிகை. அதான் இப்பவே செஞ்சுட்டனுங்க."

கோகிலா முறுக்கு மாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி, கவுந்தப்பாடி

அத்தை தீபாவளித் துணி எடுத்திருந்தார்கள்: தாரிணிக்கு மயில் நீலத்தில் பாவாடை சட்டை, எனக்கு வேட்டி, கோகிலாவுக்குப் புடவை. "தீபாவளியன்னிக்கு காலைல எண்ணெய் வெச்சுக் குளிச்சதும் இதை உடுத்தச் சொல்லுங்க மாப்ளை. சாயங்காலம் உங்கம்மா எடுத்ததை உடுத்தட்டும். யாருக்கும் கொறையில்லீல்ல?" என்றார்கள்.

சாப்பிடும்போது நல்ல செய்தி ஒன்றும் சொன்னார்கள். தீபாவளிக்கு மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்து ராமேஸ்வரம் போகிறார்களாம். இவர்களும் போகிறார்கள். சனிக்கிழமை கிளம்பி வியாழன் திரும்புவது.

"நீங்க எங்களை நெனச்சுச் சங்கடப்பட வேண்டாமுங்க. நான் சாமி பாத்துட்டு ஜம்முனு இருப்பேன்."

மனசுக்கு இதமாக இருந்தது. எதைச் சரியாகத் திட்டமிட்டாலும் அதற்கேற்ப மற்றவையும் அமைந்துவிடுகின்றன. கோகிலா மட்டும் "எந்தெந்த ஆத்தா எல்லாம் வராங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தை நாலைந்து பெயர் சொன்னார்கள். அதில் ஒருத்தி போன வருஷமே மகனோடு திருப்பூர் போய்விட்டாளாம். கோகிலா என்னிடம் அதைப் பெரிதாகச் சொன்னாள். வேன் பிடித்தால் திருப்பூரிலிருந்தும் வருவார்கள் என்றேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி, வீரவநல்லூர்

வீடு நிறைந்திருக்கிறது. தென்காசியிலிருந்து அண்ணன், மதினி, இரண்டு பையன்கள். மதுரையிலிருந்து பகவதி குடும்பம். படுக்க இடமில்லாமல் நானும் மச்சானும் மாடியில் படுத்தோம். அப்பா நாற்காலியை வாசலில் போட்டு, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் "பிள்ளைகள்லாம் வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விடியுமுன்பே எண்ணெய்க் குளியல். தாரிணி மயில் நீலப் பாவாடையில் வந்து நின்றாள். அம்மா பார்த்தாள்.

"இது யாரு எடுத்தது?"

"கவுந்தப்பாடி அம்மாயி எடுத்தாங்க ஆச்சி."

"அப்ப நான் எடுத்தது?"

"அது சாயங்காலத்துக்கு."

"காலைல உடுத்துததுதான் தீபாவளித் துணி. சாயங்காலம் உடுத்துனா அது மாத்துத்துணி" என்று அம்மா மதினியிடம் சொன்னாள். சத்தமாக ஒன்றுமில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பேசலாம் என்று எழுந்தபோது கோகிலாவே வந்து தாரிணியை உள்ளே கூட்டிப்போய் மாற்றிவிட்டாள். சிவப்புப் பட்டில் வந்ததும் அம்மா கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். பெரிதாகாமல் முடிந்தது.

பாவாடையை மடித்துப் பெட்டியில் வைக்குமுன் கோகிலா அதைத் தாரிணிமேல் வைத்து ஒரு படம் எடுத்தாள். அத்தைக்கு அனுப்ப. குடும்பக் குழுவில் போடவில்லை, ஸ்டேட்டஸிலும் வைக்கவில்லை. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். எந்தப் படம் யார் கண்ணில் படக்கூடாது என்பதில் அவளைப் போல் கவனமானவர் கிடையாது.

அதைத் தவிர, காலையிலிருந்து அவளை நான் அடுப்படியைத் தாண்டிப் பார்க்கவில்லை. மதினியும் அவளுமாக இருபது பேருக்கு இட்லி. கவுந்தப்பாடியில் எனக்கு அத்தை தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கையில்தான் தருவார்கள். இங்கே அவள் மருமகள். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

பத்து மணிக்கு அத்தையை வீடியோவில் கூப்பிட்டோம். எடுக்கவில்லை. பிறகு அவர்களே சாதாரணமாகக் கூப்பிட்டார்கள். "கோயில்ல இருக்கனுங்க மாப்ளை. சிக்னல் இல்லீங்க. கூட்டமுன்னா கூட்டம்." தாரிணி ஃபோனை வாங்கிப் பேசினாள். பேசிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, அம்மாயி வீட்டுக் கடிகாரம் அடிச்சுது."

"ராமேஸ்வரத்துல கடிகாரம் இருக்காதா?"

"அது அந்தக் கடிகாரம்தான்பா."

கோகிலா கையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனோகரம் மிக நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 22, புதன்

சென்னை திரும்பினோம். வண்டியில் கோகிலா ஜன்னல் பக்கமே பார்த்தபடி வந்தாள். தாரிணிக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. பட்டாசுப் புகையாக இருக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

கவுந்தப்பாடியில் அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் கோகிலாவைக் கூப்பிட்டாள். அத்தைக்குக் கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறதாம். ராமேஸ்வரத்திலிருந்து திரும்பியபோது வேனிலிருந்து இறங்குகையில் விழுந்ததாக அத்தை ஊரில் சொல்லி வைத்தார்களாம்.

"வேனும் போவல, ஒண்ணும் போவல கண்ணு" என்றாள் பழனியம்மாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "முன்னால பூட்டைப் போட்டுட்டுப் பின்னால பொடக்காளி வழியா உள்ள போயி உக்காந்துட்டு இருந்திருக்குது உங்கம்மா. வெளக்குப் போடல. அடுப்புப் பத்த வெக்கல. தாளிச்சா வாசம் வருமுன்னு. தீபாவளியன்னிக்கு இருட்டுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்குது. சத்தம் போட்டா நான் ஓடியாந்திருப்பன்ல? வியாழக்கெழம 'வந்துட்டேன்'னு சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போச்சு. அதுவரைக்கும் கையில துண்டைக் கட்டிட்டே இருந்திருக்குது. நேத்துத்தான் எங்கிட்ட ஒத்துக்கிச்சு."

"ஏனுங்கக்கா, எதுக்கு?" என்றாள் கோகிலா.

"பண்டிகைக்குப் புள்ள வரலயான்னு நாலு பேரு கேப்பாங்கன்னுதான். போன வருஷமாவது துக்க வீடுன்னு சொல்லிக்கலாம். இந்த வருஷம் என்ன சொல்றது?"

கோகிலா அழவில்லை. சாயங்காலமே கிளம்பிவிட்டாள். நான் பேருந்து ஏற்றிவிட்டேன். அவர்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எப்படியாவது மாற்றியிருப்பேன். அதைக் கோகிலாவிடம் சொன்னேன். பேருந்து கிளம்பும்போது சொன்னதால் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

திரும்பி வந்துவிட்டாள். மூன்று நாள் தாமதித்ததால் எலும்பு கோணலாகத்தான் சேரும் என்றாராம் மருத்துவர். இனிக் கை முழுதாகத் திரும்பாது. சென்னைக்கு வந்து இருக்கச் சொன்னதற்கு அத்தை மறுத்துவிட்டார்கள். "சம்பந்தி வந்து தங்கறதில்ல, நான் மட்டும் வந்து தங்குனா நல்லா இருக்குமா?"

நவம்பர் 14, வெள்ளி

பொங்கலுக்கு முன்பதிவு. இந்தப் பொங்கல் முறைப்படியே கவுந்தப்பாடிதான். ஈரோடு டிக்கெட் கிடைத்துவிட்டது. அதோடு நிற்காமல், வருகிற தீபாவளியையும் கவுந்தப்பாடிக்கே கொடுப்பது என்று முடிவு செய்தேன். முறைப்படி அது அவர்களுடையதுதான். ஆனால் அதற்கு அடுத்த தீபாவளியையும் கொடுத்துவிடலாம் என்று கோகிலாவிடம் சொன்னேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் "நீங்க எதைக் குடுக்கறீங்க?" என்று கேட்பாள் என்றும் எதிர்பார்க்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"ரெண்டு தீபாவளியா?" என்றாள். "அவ கை ஒடிஞ்சதுக்கு நாங்க என்னய்யா செஞ்சோம்? அப்பாவுக்கு எழுபத்தாறு. ரெண்டு தீபாவளி விட்டு மூணாவதுக்கு நீ வரும்போது யாரு இருப்பா யாரு போவா? சரி, விடு. பெத்தவ ஒத்தையில கெடக்கா. அவளுக்குத்தான் நீங்க வேணும். எங்களுக்குத்தான் ஆளு இருக்கே."

அப்பாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். தூங்குகிறார் என்றாள். பின்னால் அவர் இருமுவது கேட்டது.

டிசம்பர் 7, ஞாயிறு

அம்மா நல்லெண்ணத்தில்தான் அத்தையைக் கூப்பிட்டிருக்கிறாள். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறாள். அத்தோடு, "இனிமே எல்லாப் பண்டிகைக்கும் உங்க மகளையும் பேத்தியையும் நீங்களே வச்சுக்கிடுங்க, எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றும் சொல்லியிருக்கிறாள். சொன்னதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன்.

மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் என்னிடம் நேராகப் பேசுவதே அபூர்வம்.

"மாப்ளை, பொங்கலுக்கு நீங்க இங்க வர வேண்டாமுங்க."

"ஏன் அத்தை? உங்க முறைதானே?"

"முறையெல்லாம் இருக்கட்டுமுங்க. நான் கையை ஒடிச்சுட்டு உங்களை இழுத்து வெச்சுக்கிட்டன்னு பேராயிரக்கூடாது. என் புள்ளை அந்த வீட்டுல வாழறவ. அவிய மனசு நொந்தா அவளுக்குத்தான் கஷ்டம். கும்புட்டுக் கேக்கறன், பொங்கலுக்கு உங்க ஊருக்கே போயிட்டு வாங்க. நான் சந்தோசமா இருப்பேன்."

ஒடிந்த கையை வைத்துக்கொண்டு எப்படிக் கும்பிட்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. வெறும் பேச்சுக்குச் சொல்வதுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

வீரவநல்லூருக்கே போகலாம் என்று அம்மாவிடம் பேச்சைத் தொடங்கினேன். முடிக்கவிடவில்லை.

"பொங்கலு அவுங்க முறை. அதைப் பிடுங்கித் திங்க நாங்க ஆளில்ல. அப்புறம் ஊரு என்ன பேசும்? நீ கவுந்தப்பாடிக்கே போ. இங்க வந்தேன்னா நான் கதவைத் தொறக்க மாட்டேன், பாத்துக்கோ." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டிசம்பர் 15, திங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது மூவருமாக உட்கார்ந்து பேசினோம். நான் ஒரு யோசனை சொன்னேன். இனி நான் எங்கள் வீட்டுக்குப் போகிறேன், கோகிலா அவள் வீட்டுக்குப் போகட்டும். ஒவ்வொரு பண்டிகைக்கும். இரண்டு வீட்டிலும் பிள்ளை இருக்கும். தாரிணி மட்டும் மாறி மாறி.

"நல்ல யோசனைதானுங்க" என்றாள் கோகிலா. அவ்வளவு உடனே ஒப்புக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. மோர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "அப்புறம் பண்டிகையில்லாத நாளைக்கு என்ன செய்யலாமுன்னும் யோசிச்சு வையுங்க" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

தாரிணி தட்டைப் பார்த்தபடி கேட்டாள். "நான் அம்மாவோட போனா ஆச்சி கோவிச்சுக்குவாங்க. உங்களோட வந்தா அம்மாயி அழுவாங்க. மாறி மாறின்னா ஒவ்வொரு தடவையும் ஒருத்தங்க என்னாலதானே அழுவாங்க?"

அந்த யோசனையை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

ஈரோடு டிக்கெட்டை ரத்து செய்தேன். எங்கே போவது என்று கோகிலாவைக் கேட்டேன். "கவுந்தப்பாடி போனா எங்கம்மா நான் பேச்சுக் கேக்கலைன்னு வருத்தப்படும். உங்க ஊருக்குப் போனா உங்கம்மா கதவைத் தொறந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. எங்கயும் போக வேண்டாங்க. எனக்கு அலுத்துப் போச்சு" என்றாள்.

இரண்டு பக்கமும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்த பண்டிகையை மற்றவர் எடுத்துக்கொள்ளவில்லை என்று இருவரிடமும் சொல்ல வேண்டிவரும்.

வேலையிடத்தில் பொங்கல் டூட்டிக்கு ஆள் குறைகிறது. என் பெயரை எழுதிவிட்டேன். மத்தியான ஷிஃப்ட்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

வெளியே கோலம் போட இடமில்லை. பால்கனியில் கோகிலா சின்னதாக ஒன்று போட்டாள். கேஸ் அடுப்பில் பித்தளைப் பானையை வைத்தோம். பால் பொங்கியபோது தாரிணி குலவையிடவில்லை. "கீழ் வீட்ல கேக்கும்" என்றாள். ஊருக்குப் போகாததைக் கீழ் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையாக இருக்கும்.

ஃபோன் அடித்தது. அத்தை. நானும் கோகிலாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருவர் கையும் நகரவில்லை. தாரிணி எடுத்தாள்.

"பொங்கலோ பொங்கல் அம்மாயி! ஆமா, ஆச்சி வீட்டுலதான் இருக்கோம். எல்லாரும் வந்திருக்காங்க. அம்மாவா? அம்மா அடுப்படில. ஆச்சி உங்களை ரொம்பக் கேட்டாங்க, கை எப்படி இருக்குன்னு. வீடியோ வேண்டாம், இங்க சிக்னல் இல்லை. கரும்பா? ரெண்டு கட்டு வாங்கிருக்காங்க."

வைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா.

"ஆச்சி, பொங்கலோ பொங்கல்! ஆமா, கவுந்தப்பாடில. அம்மாயி நல்லா இருக்காங்க. நீங்க பேசுனதச் சொல்லி சந்தோஷப்பட்டாங்க. தாத்தாவுக்கு முட்டு வலி எப்படி இருக்கு? அப்பா மாட்டுப் பொங்கலுக்கு மாடு பாக்கப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்காங்க."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அம்மா சிரிப்பது எனக்குக் கேட்டது. "நல்லா இரு தாயி. சந்தோஷமா இருந்துட்டு வாங்க" என்றாள்.

தாரிணி ஃபோனை மேசையில் வைத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. வீட்டுப்பாடம் முடித்த மாதிரி இருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் சந்தோஷம்பா" என்றாள். "வர்ற தீபாவளிக்கும் இப்படியே சொல்லிடலாமா?"

கோகிலா பானையை இறக்கினாள். கை சுட்டிருக்க வேண்டும், உதறிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லலாம் கண்ணு" என்றாள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. பொங்கலை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.